விலாவில் பட்ட சூடு

காலை எட்டு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட்டிலிருந்து ஜீப் கிளம்பும்போது ராமுத்தாய் பின்சீட்டின் ஓரத்தில்தான் உட்காருவாள். காலடியில் தேயிலைக் கொழுந்து போடும் வெற்றுச் சாக்குகள். வலது தோளில் ஒரு பை, அதில் எஸ்டேட் கொடுத்த நீல ஃப்ளாஸ்க். இடது தோளில் இன்னொரு பை, அதில் காப்பிக்கலர் ஃப்ளாஸ்க். இரண்டிலும் அவள் ஏழரை மணிக்குக் காய்ச்சி ஊற்றிய பால் டீ.

மார்கழி போய் தை பிறந்தும் குளிர் விடவில்லை. பள்ளத்தில் புல் வெளுத்துப் பனி உறைந்து கிடந்தது. ஜீப்பின் திறந்த பக்கத்திலிருந்து காற்று முகத்தில் அறையும்போதெல்லாம் அவள் இடது பையை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொள்வாள். அந்த ஃப்ளாஸ்கின் உடம்பு இதமாகச் சுடும். கம்பளிச் சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கும். நீலத்தைத் தொட்டால் கல்லைத் தொட்டதுபோல் இருக்கும். நல்ல ஃப்ளாஸ்க் எது என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் இடது பையைக் காட்டியிருப்பாள்.

அது அவள் புருஷன் சுடலைமணியுடையது. எஸ்டேட் பாக்டரியில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். நெஞ்சு என்றார்கள். அன்றைக்கு அவர் கொண்டுவந்த ஃப்ளாஸ்கில் பாதி டீ மிச்சம் இருந்தது. மறுநாள் சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, கழுவலாம் என்று அவள் மூடியைத் திறந்தபோது அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

ராமுத்தாய் பிறந்ததும் வளர்ந்ததும் சித்திரபுரத்துக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இதே லயத்தில்தான். அப்பா வழி சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் என்பார்கள். அவள் அங்கே இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும் போயிருக்கிறாள், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் கூடை தூக்கினாள். முப்பத்துச்சொச்சம் வருஷம் கொழுந்து கிள்ளினாள். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவளைச் சரிவில் ஏற்ற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் 'லைட் வேலை' கிடைத்தது. காட்டுக்கு டீ கொண்டுபோவது. காடு என்றால் அங்கே தேயிலைக் காடு. வெயில் காலத்தில் காய்ந்த சருகு, பக்கத்திலேயே யூக்கலிப்டஸ், அதனால் மலையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். ஷெட்டில் காய்ச்சித்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் ஜீப் மேலே போவதும் ஒரே ஒரு தடவைதான். பத்து மணி டீக்கு எட்டு மணிக்கே கிளம்பியாக வேண்டும்.

ஓய்வு பெற அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அதுவரை லயத்து வீடு அவளுடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். மகள் சிவசங்கரி கீழே ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருக்கிறாள். எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா மகன் வழியாகக் கொஞ்சம் நிலம் பார்த்து, சின்னதாக ஒரு வீடு கட்ட ராமுத்தாய்க்கு அந்த மூன்று வருஷம் வேண்டும்.

முதலில் பேச்சை எடுத்தவள் மௌனிகா. கீழ் லயத்துப் பெண், கல்யாணமாகி நாலு வருஷம், நாக்கில் எண்ணெய் தடவினாற்போல் பேசுவாள்.

"அக்கா, இத டீன்னு சொல்லித்தான் ஊத்துறீங்களா? பிள்ளைக்கு மருந்து கலக்குற வெந்நி மாதிரி இருக்கு."

"கொதிக்கக் கொதிக்கத்தான ஊத்திட்டு வந்தேன்."

"மேல குடிக்கிறவங்களுக்குக் கொதிக்குது. பேச்சித்தாய் அத்தை ஊதி ஊதிக் குடிக்கிறத இங்கருந்தே பாக்கோம். எங்களுக்கு மட்டும் மிச்சமா?"

கேங்கில் பதினெட்டுப் பேர். மேல்வரிசையில் ஒன்பது பேர், எல்லாரும் மேல் லயம். கீழ்வரிசையில் ஒன்பது, கீழ் லயம். மேல் லயத்துக்கு ஒரு யூனியன், கீழ் லயத்துக்கு இன்னொன்று. ராமுத்தாய் மேல் லயத்துக்காரி. மற்ற ஊரில் ஆறிப்போன டீ வெறும் ஆறிப்போன டீதான். இங்கே அப்படியில்லை. பத்து நாளில் அது கீழ் யூனியன் கன்வீனர் வரைக்கும் போய், அங்கிருந்து சூப்பர்வைசர் சதீஷிடம் வந்தது.

செவ்வாய்க்கிழமை சதீஷ் ஜீப் பக்கத்தில் அவளைத் தனியாக நிறுத்தினான். அவன் அடிமாலிக்காரன், மலையாளி, முப்பத்தைந்து வயது, யாரையும் சத்தம் போட மாட்டான்.

"சேச்சி, எழுதியே குடுத்துட்டாங்க. ஆளு பாத்து டீ குடுக்குறீங்கன்னு."

"சத்தியமா இல்ல சார். ஒரே பாத்திரத்துலதான் காய்ச்சுறேன்."

"எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே. சனிக்கிழமை நானே வந்து குடிச்சுப் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆளத்தான் போடணும். நீங்க திரும்பக் கொழுந்துக்குப் போக வேண்டி வரும்."

"இந்தக் கால வச்சிக்கிட்டா?"

அவன் ரிஜிஸ்டரைத் திறந்து பக்கம் புரட்டினான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்த சிவசங்கரி சொன்னாள், "விட்டுரும்மா. என்கூட வந்து இரு."

"ரிசார்ட்டு ரூம்ல, நாலு பிள்ளைங்களோட, பங்க் கட்டில்லயா?"

காப்பிக்கலர் ஃப்ளாஸ்க் ஜன்னல் திண்டில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த மகள், "அப்பாவோடத எதுக்குத் தூக்கிட்டுப் போற? எஸ்டேட்ல இன்னொண்ணு கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்றாள்.

எஸ்டேட் கொடுத்த இரண்டில் ஒன்று போன கார்த்திகையில் ஜீப்பிலிருந்து விழுந்து நொறுங்கியது. ஸ்டோரில் எழுதிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ராமுத்தாய் கேட்கவில்லை. மறுநாளே இதை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டாள். இப்போது எழுந்துபோய் அதைத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள்.

மேலிருந்து கீழே இறங்கிக் கொடுப்பதால் கீழே போவதற்குள் ஆறுகிறது என்பதுதான் அவள் கணக்கு. ஒன்பது பேருக்கு டம்ளர் கழுவி ஊற்றி வாங்க இருபது நிமிஷம் ஆகும். இருபது நிமிஷத்தில் இவ்வளவு ஆறுமா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமை இரண்டு ஃப்ளாஸ்கிலும் முதலில் வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டி, பிறகு டீ ஊற்றினாள். பழைய கம்பளித் துண்டைக் கிழித்து இரண்டுக்கும் சுற்றினாள். கார்க்கை அழுத்தி மூடினாள். அப்படியும் கீழ்வரிசையில் மௌனிகா ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தேயிலைத் தூரில் மெதுவாக ஊற்றினாள்.

வியாழக்கிழமை அவள் வழியை மாற்றினாள். ஜீப்பை விட்டு இறங்கிக் கீழ்ப் பாதையிலேயே போய்க் கீழ்வரிசைக்கு முதலில் கொடுத்தாள். கை பழக்கத்தில் வலது பைக்குத்தான் போனது. எப்போதும் நீலம்தான் முதலில்.

மௌனிகா டம்ளரை வாங்கியதும் விரலை மாற்றி மாற்றிப் பிடித்தாள். "ஏ, சுடுதுட்டி," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு ராமுத்தாயை ஏறிட்டாள். "பெட்டிஷன் போட்டாத்தான் டீ சுடும்போல."

ராமுத்தாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மேல்வரிசைக்குக் காப்பிக்கலரைத் திறந்தாள். பேச்சித்தாய் ஒரு மடக்குக் குடித்தாள். அவள் ராமுத்தாய்க்கு ஒருவகையில் மதினி. சுடலைமணிக்குப் பெரியம்மா மகள்.

"என்ன ராமு, கட்சி மாறிட்டியா?"

"ஏன் மதினி?"

"அவளுகளுக்குப் பயந்து எங்களுக்கு ஆறுனதக் குடுக்கியே. எங்க அண்ணன் இருந்தா இப்படி விடுவானா? நானும் எழுதிக் குடுக்கட்டுமா, சனிக்கிழமைக்குள்ள?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராமுத்தாய் சிரிக்கவில்லை. ஓரமாகப் போய்ப் பாறையில் உட்கார்ந்தாள். காட்டில் அவள் டீ குடிப்பதே இல்லை. ஷெட்டில் காய்ச்சும்போதே அரை டம்ளர் குடித்துவிடுவாள். அன்றைக்கு இரண்டு டம்ளரை எடுத்து, இரண்டு ஃப்ளாஸ்கிலும் அடியில் கிடந்ததை ஊற்றினாள். நீலத்து டீயிலிருந்து ஆவி எழுந்தது. காப்பிக்கலர் டீயில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. குடித்துப் பார்த்தாள். நீலம் நாக்கைச் சுட்டது. மற்றது தொண்டையில் இறங்கியதே தெரியவில்லை.

மேல்வரிசையும் இல்லை, கீழ்வரிசையும் இல்லை. ஃப்ளாஸ்க்.

ஆனால் கையை வைத்தால் காப்பிக்கலர்தான் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. நீலம் குளிர்ந்து கிடந்தது. உள்ளே சூடு இருப்பது வெளியே குளிர்கிறது, வெளியே சுடுவது உள்ளே ஆறிப்போயிருக்கிறது. அவள் இரண்டையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு, ஜீப் வந்து ஹாரன் அடிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கொழுந்து எடை போட்டு முடிந்ததும், காப்பிக்கலர் ஃப்ளாஸ்கோடு பஸ் ஏறி மூணாறு பஜாருக்குப் போனாள். மார்க்கெட் பின்சந்தில் குடை, குக்கர், ஸ்டவ், ஃப்ளாஸ்க் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் வீரபாண்டி கடை. ஆள் ஒல்லி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சிறு உளி தேடிக்கொண்டிருந்தார்.

"டீ நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. ரெண்டு மணி நேரத்துல ஆறிருது."

அவர் ஃப்ளாஸ்கைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே பார்த்தார். "கண்ணாடி உடையலியே," என்றார். பிறகு பின்னால் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்து வெந்நீரை ஊற்றி மூடினார். ஒரு குடை ரிப்பேரைப் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து ஃப்ளாஸ்கின் உடம்பில் புறங்கையை வைத்தார்.

"போச்சும்மா. வெளிய சுடுது பாருங்க."

"சுட்டா நல்லதுதான?"

வீரபாண்டி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வெளிய சுடுதுன்னா உள்ள இருக்கிறது ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். நல்ல ஃப்ளாஸ்குக்கு உடம்பு குளுந்துதான் இருக்கும்."

அடி மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு சோடா மூடி கீழே விழுந்து மேஜையில் உருண்டது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடிக் குடுவையை வெளியே உருவினார். வெள்ளி பூசிய, முகம் தெரியும் குடுவை. அதன் அடியில் பால்காம்புபோல் கூர்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொடிப் பள்ளம், ஓரம் கீறலாக.

அலமாரியிலிருந்து புதுக் குடுவை ஒன்றை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். அதன் அடியில் அந்தக் கூர் முழுசாக இருந்தது. "இது ஒரு குடுவை இல்லம்மா, ரெண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வாய்ல மட்டும் ஒட்டியிருக்கும். நடுவுல இருக்கிற காத்தப் பூரா உறிஞ்சி எடுத்துட்டு, இந்தக் கூர் வழியாத்தான், தீயில உருக்கி அடச்சிருவாங்க. நடுவுல ஒண்ணுமே இருக்காது. சூடு ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்குப் போகணும்னா எதையாவது பிடிச்சுத்தான போகணும்? கரண்டியோட இந்த முனை சுட்டா அந்த முனையும் சுடுதே, அது மாதிரி தொட்டுக்கிட்டே போகும். இல்லன்னா காத்து சூடாகி எந்திரிச்சு, குளுந்த காத்து அந்த இடத்துக்கு வந்து, அப்படியே சுமந்துட்டுப் போகும். நடுவுல ஒண்ணுமே இல்லாதப்போ தொடவும் வழியில்ல, சுமக்கவும் ஆளில்ல."

"அப்ப இந்த வெள்ளி?"

"அது மூணாவது வழிக்கு. தூரத்துல இருக்கிற தீ, தொடாமயே சுடுதுல்ல? அந்தக் கதிருக்குக் காத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெள்ளி அத மொகம் பாக்குற கண்ணாடி மாதிரித் திருப்பி உள்ளயே அனுப்பிரும். முழுசா எதையும் நிப்பாட்ட முடியாது. வாய்ப் பக்கத்துலயும் கார்க்கு வழியாவும் கொஞ்சம் போய்க்கிட்டேதான் இருக்கும். அதான் ஒருநாள் கழிச்சு ஆறுது."

ராமுத்தாய்க்கு இதைப் புரிந்துகொள்ளப் பாக்டரி போதுமாக இருந்தது. சுடலைமணிக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் மூன்றையும் பார்த்திருக்கிறாள். கைத்துணி இல்லாமல் ட்ரேயைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்ட பையன்கள். கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் சூடான காற்றைத் தள்ளும் பெரிய ஃபேன்கள். அடுப்பு வாய் திறக்கும்போது பத்தடி தள்ளி நின்றாலும் முகத்தில் விழும் வெக்கை.

"கூர் ஒடஞ்சதும் உள்ள காத்துப் போயிருச்சு," என்றார் வீரபாண்டி. "வெள்ளி மிச்சம் இருக்கறதாலதான் வெதுவெதுப்பாவது நிக்குது. குடுவை ஒழுகாது, விரியாது, பாத்தா புதுசு மாதிரி இருக்கும். ஒடஞ்சது வெளிய தெரியாது." சோடா மூடியை மேஜையில் வைத்தார். "இத யாரு வச்சது?"

அவள் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கார்த்திகையில் இதை எடுத்துக் கழுவியபோது அடியிலிருந்த ரப்பர் மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. சுடலைமணி வருஷத்துக்கு ஒருதடவை பழைய டியூபை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு வைப்பார். அவர் போன பிறகு யார் வைப்பது? கண்ணாடி உள்ளே கடகடவென்று ஆடியது. ஜீப்பில் போனால் உடைந்துவிடுமே என்று பயந்து, ஒரு சோடா மூடியை அடியில் வைத்து, ஆடாத அளவுக்கு அடி மூடியின் மரையை இறுக்கி முறுக்கினாள். இறுக்கும்போது உள்ளே 'க்சு' என்று ஒரு சத்தம் வந்தது. குடுவை முழுசாக இருந்தது. சரி, பொருந்திவிட்டது என்று நினைத்தாள்.

"நான்தான்," என்றாள்.

"பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருப்பீங்க."

அவள் தலையாட்டினாள். கார்த்திகையிலிருந்து இன்றுவரை, தினமும் காலையில் விலாவில் பட்ட அந்த இதம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அவள் அணைத்துக்கொண்டு போனது அத்தனையும் டீயிலிருந்து ஒழுகிய சூடு. இரண்டு மாசமாகக் கீழ்வரிசை ஒன்பது பேர் குடிக்க வேண்டியதைத் தானே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பழைய குடுவைய என்ன செய்வீங்க?"

"உடைச்சுப் புதைச்சிருவேன். வச்சிருந்தா கையக் கிழிக்கும்." அவர் குடுவையைக் கையில் எடுத்தார். "வேணுமா?"

வேண்டும் என்றுதான் வாய்க்கு வந்தது. "வேண்டாம்," என்றாள். சோடா மூடியை மட்டும் எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். வீரபாண்டி புதுக் குடுவையை உள்ளே இறக்கி, கழுத்தில் ரப்பர் வளையம் போட்டு, அடியில் டியூபை வட்டமாக வெட்டி வைத்து, கூர் அந்த ஓட்டைக்குள் படாமல் நிற்கும்படி பார்த்து மரையைத் திருகினார். ரொம்ப இறுக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சதீஷ் அவர்கள் கொழுந்து கிள்ளும் பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்கு வந்தான். கீழ்வரிசையையும் மேல்வரிசையையும் நடுப்பாதைக்குக் கூப்பிட்டிருந்தான். இருபக்கமும் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள்.

ராமுத்தாய் இரண்டு ஃப்ளாஸ்கையும் பாறைமேல் வைத்தாள். இரண்டிலிருந்தும் சதீஷுக்கு ஊற்றினாள். அவன் ஊதிக் குடித்தான், மற்றதையும் ஊதிக் குடித்தான்.

"ரெண்டும் சூடுதானே?"

"இன்னைக்குச் சூடு," என்றாள் மௌனிகா. "நீங்க வர்றீங்கல்ல."

அதோடு விட்டிருக்கலாம். சதீஷும் விடத் தயாராகத்தான் இருந்தான். ராமுத்தாய் மடி முடிச்சை அவிழ்த்துச் சோடா மூடியைப் பாறையில் வைத்தாள்.

"அவ சொல்றது நெசம். இவ்வளவு நாளா ஆறுன டீதான் குடுத்தேன். ஆளு பாத்துக் குடுக்கல. இந்த ஃப்ளாஸ்கு கெட்டிருந்துச்சு. கெடுத்ததும் நான்தான், இத அடியில வச்சு." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வழியை மாற்றியபோது மேல்வரிசைக்கு ஆறியது எப்படி என்பதையும், வெளியே சுட்டதை நல்லதென்று நம்பியதையும். எதற்காக அதை அணைத்துக்கொண்டு வந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"இது எஸ்டேட் ஃப்ளாஸ்க் இல்லையே," என்றான் சதீஷ்.

"எங்க வீட்டுக்காரரோடது."

"யார் கேட்டா சேச்சி உங்க சொந்தத்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்டோர்லருந்து எடுத்துக் குடுத்திருப்பேனே. இதுக்காகவா இத்தன பேப்பரு?"

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குனிந்து அந்த ஃப்ளாஸ்கைப் பார்த்தாள். மூடியின் விளிம்பில் சுடலைமணி ஆணியால் கீறியிருந்த 'சு' அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "எங்க அண்ணனுக்கு எதையும் இறுக்கி வச்சாப் பிடிக்காது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மௌனிகா டம்ளரை நீட்டினாள். "எனக்கு அந்தக் காப்பிக்கலர்லருந்தே ஊத்துங்கக்கா." குடித்துவிட்டு, "பேப்பர எங்க கன்வீனர்கிட்டச் சொல்லித் திருப்பி வாங்கிருதேன். ஆனா ஒண்ணு, இனிமே நாள் மாத்தி நாள். ஒருநாள் மேல மொதல்ல, ஒருநாள் நாங்க மொதல்ல."

"முட்டிய நெனச்சுப் பாருட்டி," என்றது மேல்வரிசைக் குரல் ஒன்று.

"அப்ப இந்த நடுப்பாதைக்கே எல்லாரும் வருவோம்."

சதீஷ் அதைத்தான் எழுதிக்கொண்டான். ராமுத்தாய் டீ வேலையிலேயே இருக்கட்டும், டீ நடுப்பாதையில். திங்கட்கிழமை ஸ்டோரிலிருந்து புது ஃப்ளாஸ்க் வரும், இதை வீட்டில் வைத்துவிடுங்கள் என்றான். "இதுவே இருக்கட்டும் சார்," என்றாள் அவள். அவன் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஜீப் கிளம்பியது. பள்ளத்தில் இன்னும் வெள்ளைப் பனி. வளைவு திரும்பும்போது காற்று திறந்த பக்கத்திலிருந்து அடித்தது. ராமுத்தாய் பழக்கத்தில் இடது பையை விலாவோடு அணைத்தாள்.

குளிர்ந்து இருந்தது. நீலத்தைப்போலவே, கல்லைப்போலவே. உள்ளே ஒன்பது பேருக்கான டீ கொதிக்காத குறையாக இருந்தது. அதில் ஒரு துளிச் சூடும் அவள் பக்கம் வரவில்லை. கையை எடுக்கவில்லை அவள். பன்னிரண்டாம் நம்பர் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.